கைப்பற்றிய செல்போன் கோர்ட் வரை: தரவைக் காப்பது, மீட்பது, சான்றாக்குவது – முழுமையான வழிகாட்டி

போனைக் கைப்பற்றிய நிமிடத்துக்கும், அதிலிருந்து எடுத்த தரவுக்கு முதல் ஹாஷ் போட்ட நிமிடத்துக்கும் நடுவில் இருக்கும் நேரத்தைத்தான் எதிர்த்தரப்பு வழக்கறிஞர் முதலில் தேடுவார். ஹாஷ் என்பது ஒரு கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும், அதன் கைரேகை போன்ற எண். அதைப் போட்ட பிறகு ஒரு பிட் மாறினாலும் கண்டுபிடித்துவிடலாம். அதற்கு முன்னால் என்ன நடந்தது என்பதைக் கணிதம் சொல்லாது. அதைக் கைப்பற்றியதை எழுதும் மகஜரும், வீடியோவும், போன் யார் கையில் இருந்தது என்று காட்டும் பொறுப்புப் பதிவேடும்தான் சொல்லியாக வேண்டும். இந்த வழிகாட்டி முழுக்க அந்த இடைவெளியைச் சுற்றித்தான் போகப்போகிறது.

புரிந்துகொள்ள வசதியாக ஒரு கற்பனை வழக்கை எடுத்துக்கொள்வோம். ஈரோட்டில் ஒரு பெண்ணுக்கு நள்ளிரவு 12.40 மணிக்கு, 2025 மார்ச் 13 அன்று, அவருடைய படங்களை வெளியிடுவதாக மிரட்டி வாட்ஸ்அப்பில் செய்தி வருகிறது. அனுப்பியவன் காலை 9 மணிக்குத் தன் போனில் அந்தச் செய்தியை அழிக்கிறான். மெமரி கார்டில் இருந்த படங்களையும் அழிக்கிறான். 11.20 மணிக்குக் காவல்துறை அவனுடைய ஆண்ட்ராய்டு போனைக் கைப்பற்றுகிறது. போன் இயங்கிக்கொண்டிருக்கிறது, திரை பூட்டியிருக்கிறது.

இந்தியாவில் 2024 ஜூலை 1 முதல் புதிய சட்டங்கள் நடைமுறையில் இருப்பதால், இந்த வழக்குக்குப் பொருந்துவது சாட்சியச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய சாக்ஷ்ய அதினியமும், குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவும். மின்னணுப் பதிவுகளைச் சான்றாக ஏற்பது பற்றிய, பழைய சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவு இப்போது சாக்ஷ்ய அதினியத்தின் 63ஆம் பிரிவாகியிருக்கிறது.

## முதல் பத்து நிமிடம்

இயங்கும் போனை அணைக்காதீர்கள், அணைந்த போனை இயக்காதீர்கள். இந்த விதிக்குக் காரணம் குறியாக்கம். இன்றைய போன்களில் தரவு முழுவதும் பூட்டிய நிலையில்தான் போனின் சேமிப்பில் கிடக்கிறது. போனை இயக்கி, உரிமையாளர் ஒருமுறை பின் எண்ணைப் போட்ட பிறகே அந்தப் பூட்டைத் திறக்கும் சாவிகளில் பெரும்பாலானவை தற்காலிக நினைவகத்துக்கு வருகின்றன. அப்புறம் திரை பூட்டியிருந்தாலும் அந்தச் சாவிகள் உள்ளேயே இருக்கும். அணைத்துவிட்டால் போய்விடும். பின் எண் தெரியாத போனில் இந்த வித்தியாசம்தான் ஆய்வகத்துக்குக் கிடைப்பது நிறையவா, கிட்டத்தட்ட ஒன்றுமில்லையா என்பதை முடிவு செய்கிறது.

அடுத்த வேலை வெளியுலகத் தொடர்பைத் துண்டிப்பது. தொடர்பு இருக்கும்வரை எதிரியின், அதாவது குற்றம் சாட்டப்பட்டவரின், தம்பி வீட்டிலிருந்தே போனை முழுவதும் அழித்துவிட முடியும். திரையைத் திறக்க முடிந்தால் விமானப் பயன்முறையைப் போடுங்கள். வைஃபையும் புளூடூத்தும் அதோடு சேர்ந்து அணைந்தனவா என்று தனியாகப் பாருங்கள். பல போன்களில் விமானப் பயன்முறையிலும் அவை இயங்கிக்கொண்டே இருக்கும். ஐபோனில் மேலிருந்து இழுக்கும் பலகையில் வைஃபையைத் தொட்டால் தற்காலிகமாகத்தான் துண்டிக்கும், அமைப்புகளுக்குள் போய் அணைக்க வேண்டும். சிம்மை உருவிவிட்டால் போதும் என்று நினைப்பவர்கள் உண்டு. இ-சிம் இருக்கும் போனில் அது பலிக்காது. சிம் தட்டும் மெமரி கார்டு தட்டும் ஒன்றாக இருக்கும் போன்களில் ஓடிக்கொண்டிருக்கும் கார்டையும் சேர்த்துப் பிடுங்கிவிடுவீர்கள். தட்டை ஆய்வகத்துக்கு விட்டுவிடுங்கள்.

பிறகு போனை ஃபாரடே பையில் போட வேண்டும். அலையை உள்ளே விடாத உலோக இழைப் பை அது. இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. விமானப் பயன்முறை போடாமல் பைக்குள் வைத்த போன், டவரைத் தேடித் தேடி முழு வலிமையில் அலை அனுப்பும், பேட்டரி வேகமாகக் காலியாகும். பேட்டரி தீர்ந்தால் மேலே சொன்ன சாவிகளும் போயின. எனவே பவர் பேங்கையும் பைக்குள்ளேயே வைத்து மூடுங்கள். கம்பியை வெளியே விட்டு சார்ஜ் செய்தால் அந்தக் கம்பியே ஆன்டெனாவாக வேலை செய்யும். பை இல்லையென்றால் அலுமினியத் தாளைப் பல அடுக்காகச் சுற்றுவது அவசரத்துக்கு உதவும், ஆனால் நம்பிக்கையானதல்ல. சுற்றிவிட்டு அந்த எண்ணுக்கு அழைத்துப் பார்த்து, அதையும் எழுதி வையுங்கள்.

பின் எண்ணைக் கேட்கலாமா? கேட்கலாம். கேட்டதையும், அவர் சொன்ன பதிலையும், தானாகச் சொன்னாரா என்பதையும் வீடியோவில் பதிய வேண்டும். கட்டாயப்படுத்த முடியுமா என்பதில் நீதிமன்றங்கள் ஒரே குரலில் பேசவில்லை. 2021இல் கர்நாடக உயர் நீதிமன்றம் விரேந்திர கன்னா வழக்கில் கடவுச்சொல்லைத் தருவது தனக்கு எதிராகச் சாட்சி சொல்வது ஆகாது என்றது. 2022இல் டெல்லி சிபிஐ சிறப்பு நீதிமன்றம், அரசியல் சாசனத்தின் 20(3) பிரிவைக் காட்டி, கடவுச்சொல்லைக் கேட்டுக் கட்டாயப்படுத்த முடியாது என்றது. ஸ்டேஷனில் மிரட்டி வாங்கிய பின் எண்ணால் எடுத்த தரவு பின்னால் எவ்வளவு வாதத்தை இழுக்கும் என்று யோசித்துக்கொள்ளுங்கள். யாரும் ஊகித்துப் போட்டுப் பார்க்கவும் கூடாது. பத்துத் தவறான முயற்சிக்குப் பிறகு எல்லாவற்றையும் அழிக்கும்படி ஐபோனை அமைத்துவைக்க முடியும்.

நம் வழக்கில் எதிரி பின் எண்ணைத் தானாகவே சொல்லிவிட்டான் என்று வைத்துக்கொள்வோம்.

## மகஜரில் என்ன எழுதுவது

"எதிரியிடமிருந்து கருப்பு நிற செல்போன் ஒன்று சாட்சிகள் முன்னிலையில் கைப்பற்றப்பட்டது." நிறைய மகஜர்கள் இந்த ஒரு வரியோடு முடிந்துவிடுகின்றன. ஊரில் கருப்பு நிற செல்போன் எத்தனை! கோர்ட்டில் மேசை மேல் வைக்கும் போன் அதேதான் என்று இந்த வரியால் நிறுவ முடியாது.

நம் வழக்கில் இப்படி எழுதலாம்:

"கருப்பு நிற ஆண்ட்ராய்டு செல்போன். திரையின் வலது மேல் மூலையில் விரிசல். `*#06#` போட்டபோது திரையில் தெரிந்த இரண்டு ஐஎம்இஐ எண்களும் கீழே எழுதப்பட்டுள்ளன. கைப்பற்றியபோது இயங்கும் நிலையில், திரை பூட்டியிருந்தது. பேட்டரி 61 விழுக்காடு. போன் காட்டிய நேரம் 11.24, அதே கணத்தில் ஆய்வாளரின் போனில் நெட்வொர்க் நேரம் 11.20. எதிரி தானாகச் சொன்ன பின் எண்ணால் 11.26க்குத் திறந்து விமானப் பயன்முறை போடப்பட்டது, வைஃபையும் புளூடூத்தும் அணைக்கப்பட்டன. வேறு எந்தச் செயலியும் திறக்கப்படவில்லை. 11.31க்கு ஃபாரடே பையில் வைத்து சீல் இடப்பட்டது."

இதில் மிக மதிப்புள்ளது அந்த நான்கு நிமிட வித்தியாசம். போனின் கடிகாரம் முன்னே ஓடியது என்பதை அந்த இடத்திலேயே பதியாவிட்டால், பின்னால் கேமராப் படங்களின் நேரத்தைச் சரிசெய்ய எந்த ஆதாரமும் இருக்காது. "வேறு எந்தச் செயலியும் திறக்கப்படவில்லை" என்ற வாக்கியம் உண்மையாக இருக்க வேண்டும். சும்மா ஒரு தடவை வாட்ஸ்அப்பைத் திறந்து ஸ்க்ரோல் செய்து பார்க்கும் ஆசை எல்லோருக்கும் வரும். போன் அதையும் தன் உள்பதிவில் எழுதிக்கொள்ளும். கைப்பற்றிய பிறகு 11.40க்கு வாட்ஸ்அப் திறக்கப்பட்டதாக ஆய்வக அறிக்கையில் வந்தால் அதற்கு யார் பதில் சொல்வது?

சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றுதலையும், சாட்சிகள் பட்டியலில் கையெழுத்திடுவது வரை, ஒலி ஒளிப் பதிவு செய்யச் சொல்கிறது. அந்தப் பதிவைத் தாமதமின்றி நடுவருக்கு அனுப்பவும் வேண்டும். அந்த வீடியோவே ஒரு மின்னணுச் சான்றுதான். அதற்கும் அன்றைக்கே ஹாஷ் போட்டுவிடுங்கள். இதை மறப்பவர்கள்தான் அதிகம்.

அன்றிலிருந்து போன் யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்கு, எதற்காகப் போனது என்று ஒரு தாள் கூடவே போக வேண்டும். முன்பு இது நல்ல பழக்கம் என்ற அளவில் இருந்தது. இப்போது சன்ஹிதாவின் 193ஆம் பிரிவு, குற்றப்பத்திரிகையிலேயே மின்னணுச் சாதனம் கைமாறிய வரிசையைச் சொல்லச் சொல்கிறது.

## போன் காத்திருக்காது

தொடர்பைத் துண்டித்து, சார்ஜும் கொடுத்தாயிற்று, இனி ஆய்வகத்தில் முறை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விட முடியாது. ஐஓஎஸ் 18.1 முதல் ஐபோன் மூன்று நாள் திறக்கப்படாமல் இருந்தால் தானாகவே அணைந்து மீண்டும் இயங்குகிறது. ஆண்ட்ராய்டிலும் 2025இல் கூகுள் அதே போன்ற வசதியைக் கொண்டுவந்தது. மறுபடி இயங்கினால் சாவிகள் போய்விடும். ஐபோனில், பூட்டி ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனால் கேபிள் வழியான தரவுத் தொடர்பையும் போன் மறுக்கும். பின் எண் கையில் இருந்தால் இவை பெரிய தடை அல்ல. இல்லையென்றால், இன்று அனுப்புவதும் அடுத்த வாரம் அனுப்புவதும் ஒன்றாகாது.

இயங்கும் போன் உள்ளுக்குள் தன் வேலையைச் செய்துகொண்டேதான் இருக்கும். தற்காலிகக் கோப்புகள் நீங்கும், செயலிகள் எடுத்துவைத்த பழைய காப்புப் பிரதி புதியதற்கு இடம் விடும். நம் வழக்கில் இது எவ்வளவு முக்கியம் என்று கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

## மெமரி கார்டு: எளிய பகுதி

ஆய்வகத்தில் கார்டை வெளியே எடுத்ததும் எழுத்துத் தடுப்பான் வழியாகத்தான் கணினியில் செருக வேண்டும். அந்தக் கருவி படிக்க மட்டும் விடும், எழுத விடாது. சாதாரணக் கார்டு ரீடரில் போட்டால், நீங்கள் எதையும் தொடாமலே இயங்குதளம் சில கோப்புகளை எழுதிவிடும், ஹாஷ் மாறிவிடும். பிறகு கார்டு முழுவதையும், காலி இடம் உட்பட, ஒரே கோப்பாகப் பிரதி எடுக்கிறோம். லினக்ஸில் இப்படி:

```
sudo blockdev --setro /dev/sdb
sudo dc3dd if=/dev/sdb hof=card01.img hash=sha256 log=card01.log
sha256sum card01.img
```

முதல் வரி மென்பொருள் அளவில் இன்னொரு பூட்டு, கருவிக்கு மாற்று அல்ல. இரண்டாவது வரி பிரதி எடுத்துக்கொண்டே மூலத்துக்கும் பிரதிக்கும் ஹாஷ் கணக்கிட்டு, இரண்டும் ஒன்றுதானா என்று `card01.log` கோப்பில் எழுதிவைக்கும். அந்த லாக் கோப்பு பின்னால் சான்றிதழோடு இணைக்க வேண்டிய தாள். எம்டி5, எஸ்எச்ஏ-1 இரண்டிலும் வேறு வேறு கோப்புக்கு ஒரே ஹாஷ் வரச் செய்து காட்டிவிட்டார்கள் என்பதால் எஸ்எச்ஏ-256ஐயே பயன்படுத்துங்கள். இதற்குப் பிறகு கார்டு சீலுக்குள் போய்விடும். எல்லா ஆய்வும் பிரதியில்தான்.

நம் எதிரியின் கார்டு 32 ஜிபி, ஃபேட்32 அமைப்பு. இதில் ஒரு படத்தை அழித்தால் பட்டியலில் அதன் பெயரின் முதல் பைட் `E5` என்று மாறும், அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படும், அவ்வளவுதான். படத்தின் உடல் அப்படியே கிடக்கும். 9 மணிக்கு அழித்து 11.20க்குக் கைப்பற்றிய கார்டில் வேறெதுவும் எழுதப்படாமல் இருக்க வாய்ப்பு அதிகம். ஆட்டாப்சி போன்ற இலவச மென்பொருளே இவற்றைப் பெயர், தேதியோடு காட்டும். பட்டியலும் சிதைந்திருந்தால் ஃபோட்டோரெக் போன்றவை, ஜேபெக் படம் தொடங்கும் `FF D8 FF` என்ற அடையாளத்தைத் தேடிப் படங்களைப் பிரித்தெடுக்கும். அப்படி எடுத்தால் கோப்பின் பெயரும் அது இருந்த ஃபோல்டரும் கிடைக்காது. ஒரு படம் துண்டு துண்டாகச் சேமிக்கப்பட்டிருந்தால் மேல் பாதி சரியாகவும் கீழ் பாதி சாம்பல் நிறமாகவோ வேறு படமாகவோ வரும். அரைப் படத்தை முழுப் படம்போல அறிக்கையில் போடாமல், எப்படி வந்ததோ அப்படியே சொல்ல வேண்டும்.

கார்டை போனின் உள்சேமிப்பாக மாற்றியிருந்தால் கதையே வேறு. அப்போது அதுவும் குறியாக்கத்தில் இருக்கும், அந்தப் போன் இல்லாமல் படிக்க முடியாது.

## போனின் உள்ளே

கார்டுபோல போனை அப்படியே பிரதி எடுக்க முடியாது. முன்பு சிப்பைக் கழற்றி நேரடியாகப் படிப்பார்கள். இப்போது அப்படிப் படித்தால் வருவது குறியாக்கம் செய்த குப்பை. அதனால் போனை இயக்கி, திறந்து, அதனிடமே கேட்டுத்தான் கோப்புகளை வாங்க வேண்டும். ஆய்வகங்களில் செல்லெபிரைட், ஆக்சிஜன், எக்ஸ்ஆர்ஒய் போன்ற கருவிகள் இதைச் செய்கின்றன. மேலோட்டமான எடுப்பில் தொடர்புகள், எஸ்எம்எஸ், படங்கள் வரும். முழுக் கோப்பமைப்பு எடுப்பில் செயலிகளின் உள் தரவுத்தளங்களும் வரும். அழித்த செய்தி வேண்டுமென்றால் இரண்டாவதுதான் உதவும். ஆய்வகத்துக்குக் கடிதம் எழுதும்போதே இதைக் கேட்டுவிட வேண்டும். "போனை ஆய்வு செய்து அறிக்கை தருக" என்று மட்டும் எழுதினால் ஆயிரக்கணக்கான பக்கம் வரும், தேவையானது அதில் இல்லாமல் போகலாம். எந்த எண்ணோடு, எந்தத் தேதிகளில், எந்தச் செயலியில் என்று கேள்வியாக எழுதுங்கள்.

இங்கே ஹாஷைப் பற்றி ஒரு விஷயம். இயங்கும் போனில் ஒரு மணி நேர இடைவெளியில் இரண்டு முறை எடுத்தால் இரண்டு ஹாஷும் வேறு வேறாகத்தான் வரும், ஏனென்றால் நடுவில் போன் தன் லாக்குகளில் எழுதியிருக்கும். எனவே போனுக்கு ஹாஷ் என்று ஒன்று கிடையாது. எடுத்து முடித்த கோப்புக்குத்தான் ஹாஷ். "போனின் ஹாஷ்" என்று அறிக்கையில் எழுதிவிட்டு, கோர்ட்டில் மறுபடி எடுத்துக் காட்டச் சொன்னால் மாட்டிக்கொள்வீர்கள்.

## அழித்த செய்தியைத் தேடுவது

ஆண்ட்ராய்டில் வாட்ஸ்அப் செய்திகள் `msgstore.db` என்ற எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கின்றன. பக்கத்திலேயே `msgstore.db-wal` என்று இன்னொரு கோப்பு இருக்கும். புதிதாக எழுதுபவை முதலில் இந்த இரண்டாவது கோப்பில் விழுந்து, பிறகுதான் முதன்மைக் கோப்பில் சேரும். அதனால் அழிப்பதற்கு முந்தைய நிலையின் பக்கங்கள் அதில் தங்கியிருக்கலாம். ஆனால் சாதாரண எஸ்க்யூலைட் பார்வைக் கருவியில் `msgstore.db`ஐத் திறந்து மூடினாலே அது இரண்டையும் சேர்த்துவிட்டு இரண்டாவதைக் காலி செய்யக்கூடும். தேடிப்போன செய்தியை நாமே அழித்ததாகிவிடும். எனவே எல்லாக் கோப்புகளையும் ஒன்றாக எடுத்து, ஹாஷ் போட்டு, இன்னொரு பிரதி எடுத்து, அந்தப் பிரதியில், முதலில் `-wal` கோப்பைத் தனியாகப் படித்துவிட்டு, அப்புறம் தரவுத்தளத்தைத் திறக்க வேண்டும்.

நம் வழக்கில் அங்கே எதுவும் கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். இது சாதாரணமாக நடப்பதுதான். அழித்த இடத்தைப் பூஜ்யத்தால் நிரப்பும்படி அமைத்திருந்தால் ஒன்றும் மிஞ்சாது. அடுத்து காப்புக் கோப்புகள். வாட்ஸ்அப் வழக்கமாக அதிகாலை 2 மணிக்குப் போனிலேயே ஒரு காப்பு எடுத்துவைக்கும், கடைசி ஏழு நாள் வரையிலான காப்புகள் இருக்கும். செய்தி போனது 12.40க்கு, காப்பு 2 மணிக்கு, அழித்தது 9 மணிக்கு. ஆக, 13ஆம் தேதிக் காப்பில் செய்தி இருக்க வேண்டும். அந்தக் கோப்பும் குறியாக்கத்தில்தான் இருக்கும். அதைத் திறக்கும் சாவி செயலியின் உள் ஃபோல்டரில் இருக்கிறது, முழுக் கோப்பமைப்பு எடுத்திருந்தால் அதுவும் கையில் இருக்கும். அதே போன் இயங்கும் நிலையில் பத்து நாள் அலமாரியில் கிடந்திருந்தால் இந்தக் காப்பு இருந்திருக்கும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

பாதிக்கப்பட்டவரின் போனையும் மறக்கக் கூடாது. அவர் ஸ்க்ரீன்ஷாட் கொடுத்துவிட்டார், போதும் என்று நிறைய வழக்குகளில் நின்றுவிடுகிறார்கள். ஸ்க்ரீன்ஷாட்டை யார் வேண்டுமானாலும் உருவாக்கலாம். அவர் சம்மதத்தோடு அவருடைய போனிலிருந்தும் தரவுத்தளத்தை எடுத்தால் ஒரு பெரிய பலன் இருக்கிறது. வாட்ஸ்அப் ஒவ்வொரு செய்திக்கும் ஒரு அடையாளக் குறி வைக்கிறது, தரவுத்தளத்தில் அது `key_id` என்ற பத்தியில் இருக்கும். அனுப்பியவர் போனிலும் பெற்றவர் போனிலும் அந்தக் குறி ஒன்றேதான். எதிரியின் காப்பில் கிடைத்த செய்தியின் குறியும், அந்தப் பெண்ணின் போனில் இருக்கும் செய்தியின் குறியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போனால், இட்டுக்கட்டியது என்ற வாதம் மிகவும் பலவீனப்படும்.

## நேரம் எங்கே தவறுகிறது

காப்பில் கிடைத்த செய்தியின் நேரம் `1741806600000` என்று இருக்கிறது. 1970 ஜனவரி 1 முதல் கணக்கிட்ட மில்லி நொடிகள் அவை, கிரீன்விச் நேரப்படி. ஆயிரத்தால் வகுத்து மாற்றினால் 2025 மார்ச் 12, இரவு 7.10 என்று வரும். அறிக்கையில் இதை அப்படியே அச்சடித்தால் என்ன ஆகும்? புகாரில் 13ஆம் தேதி நள்ளிரவு 12.40. அறிக்கையில் 12ஆம் தேதி இரவு 7.10. தேதியே வேறு! ஐந்தரை மணி நேரத்தைக் கூட்டினால்தான் இரண்டும் ஒன்றாகும்:

```
SELECT datetime(timestamp/1000 + 19800, 'unixepoch') AS ist,
       from_me, key_id, text_data
FROM message ORDER BY timestamp;
```

`19800` என்பது ஐந்தரை மணி நேரத்தின் நொடிகள். `from_me` என்பதில் 1 இருந்தால் இந்தப் போனிலிருந்து போனது, 0 என்றால் வந்தது. அறிக்கையின் ஒவ்வொரு பக்கத்திலும் எந்த நேர மண்டலம் என்று எழுதியிருக்கிறதா என்று குற்றப்பத்திரிகை போடும் முன்பே பாருங்கள். படங்களுக்குள் இருக்கும் நேரம் போனின் கடிகாரத்திலிருந்து வருவது, அதற்குத்தான் மகஜரில் எழுதிய நான்கு நிமிடம்.

## 63ஆம் பிரிவுச் சான்றிதழ்

மின்னணுப் பதிவின் பிரதியைச் சான்றாக வைக்க வேண்டுமென்றால் சான்றிதழ் கட்டாயம். 2014இல் அன்வர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைச் சொன்னது. நடுவில் கொஞ்சம் தளர்ந்து, 2020இல் அர்ஜுன் பண்டித்ராவ் கோட்கர் வழக்கில் மூன்று நீதிபதிகள் அமர்வு மறுபடி உறுதி செய்தது. அதே தீர்ப்பு இரண்டு வழிகளையும் திறந்து வைத்திருக்கிறது. மூலச் சாதனத்தையே கொண்டுவந்து அதன் உரிமையாளர் கூண்டேறி நிறுவினால் சான்றிதழ் வேண்டாம். சான்றிதழ் தர வேண்டியவர் தர மறுத்தால், தரும்படி உத்தரவிடக் கோர்ட்டைக் கேட்கலாம்.

புதிய சட்டத்தில் மாறியது, சான்றிதழுக்கு அட்டவணையில் ஒரு படிவமே கொடுத்திருக்கிறார்கள். அதில் இரண்டு பகுதி. முதல் பகுதியில் சாதனத்துக்கோ தொடர்புடைய செயலுக்கோ பொறுப்பானவர் கையெழுத்திட வேண்டும், இரண்டாவதில் நிபுணர். இரண்டிலும் சாதனத்தின் விவரம், ஐஎம்இஐ, ஹாஷ் மதிப்பு, எந்த ஹாஷ் முறை என்பது எல்லாம் வரும், ஹாஷ் அறிக்கையையும் இணைக்க வேண்டும். தேதியோடு நேரத்தையும் 24 மணிக் கணக்கில், இந்திய நேரப்படி எழுதச் சொல்கிறது.

எதிரியின் போனுக்கு முதல் பகுதியில் யார் கையெழுத்துப் போடுவது? எதிரி போட்டுத் தரப்போவதில்லை. நடைமுறையில், தரவு எடுக்கப்பட்ட நேரத்தில் சட்டப்படி அதைத் தன் பொறுப்பில் வைத்திருந்த அலுவலர் போடுகிறார். போனையும் சான்றுப் பொருளாகக் கோர்ட்டில் வைத்துவிடுகிறார்கள். பாதிக்கப்பட்டவரின் போனுக்கு அவரே போடலாம். சிசிடிவி என்றால் கடையை நடத்துபவர், அழைப்பு விவரம் என்றால் தொலைபேசி நிறுவனத்தின் பொறுப்பு அதிகாரி. அவரவருக்குத் தெரிந்ததை மட்டும் சான்றளிக்கட்டும். படிவத்தில் "நான் இயக்கியது", "நான் பராமரித்தது" என்றெல்லாம் தேர்வுகள் இருக்கின்றன. எல்லாவற்றுக்கும் டிக் அடித்துவிட்டுக் கூண்டில் விழிப்பவர்கள் உண்டு.

சான்றிதழ் கிடைத்தால் சான்று கோர்ட்டுக்குள் வரும். அது உண்மை என்று நிரூபணம் ஆகிவிடாது. அது தனி வேலை.

## கூண்டில்

நிபுணரிடம் கேட்கப்படுவது பெரும்பாலும் தொழில்நுட்பம் அல்ல. "13ஆம் தேதி 11.31க்குச் சீல் வைத்த பையை நீங்கள் 15ஆம் தேதி பெற்றபோது சீல் எப்படி இருந்தது? அதை எங்கே எழுதியிருக்கிறீர்கள்?" பதில் ஏட்டில் இருந்தால் பிரச்சினை இல்லை. அடுத்த கேள்விதான் கடினம்: "செய்தி அந்தப் போனிலிருந்து போனது சரி, அதை என் கட்சிக்காரர்தான் தட்டினார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்?" நேர்மையான பதில், தரவு மட்டும் அதைச் சொல்லாது என்பதுதான். ஆனால் 12.40க்கு முன்னும் பின்னும் அந்தப் போனில் என்ன நடந்தது என்று காட்டலாம். எப்போது திரை திறந்தது, அதே சில நிமிடங்களில் அவன் தன் மனைவிக்கு என்ன அனுப்பினான், தன் வங்கிச் செயலியைத் திறந்தானா என்பவை போனில் யார் இருந்தார் என்பதைச் சுற்றிவளைத்துச் சொல்லும். இந்தச் சூழல் விவரத்தையும் அறிக்கையில் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். மிரட்டல் செய்தியை மட்டும் தனியாக வெட்டி எடுத்த ஒரு பக்க அறிக்கையால் இந்தக் கேள்வியைத் தாங்க முடியாது.

## கோர்ட் காவலிலும் ஹாஷ் மாறும்

கேரளத்தில் 2017இல் நடிகை ஒருவர் தாக்கப்பட்ட வழக்கின் மெமரி கார்டு இதற்குத் தெரிந்த உதாரணம். கோர்ட் காவலில் இருந்த கார்டின் ஹாஷ் மாறியிருந்ததைத் தடய அறிவியல் ஆய்வகம் கண்டது. 2018இல் இரண்டு முறையும் 2021இல் ஒரு முறையும் அது திறக்கப்பட்டிருந்ததும், கடைசி முறை ஒரு செல்போனில் செருகப்பட்டிருந்ததும் பின்னால் தெரியவந்தது. கார்டின் மொத்த ஹாஷ் மாறியிருந்தாலும் உள்ளே இருந்த வீடியோக் கோப்புகளின் தனித்தனி ஹாஷ் மாறவில்லை. யாரும் வீடியோவைத் திருத்தவில்லை, ஆனால் கார்டை எதிலோ செருகிப் பார்த்திருக்கிறார்கள் என்பதுதான் இதன் பொருள். சான்றின் உண்மைத்தன்மை பிழைத்தது. பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் என்ன ஆயிற்று என்ற கேள்விக்கு ஹாஷிடம் பதில் இல்லை. 2023 டிசம்பரில் கேரள உயர் நீதிமன்றம் இதைப் பற்றி விசாரிக்க உத்தரவிட்டது.

இதிலிருந்து நம் வழக்குக்கு இரண்டு வேலைகள் வருகின்றன. பிரதிக்கு மொத்தமாகவும், முக்கியமான ஒவ்வொரு கோப்புக்கும் தனியாகவும் ஹாஷ் போட்டு இரண்டு பட்டியலையும் அறிக்கையில் சேர்க்க வேண்டும், அப்போதுதான் பின்னால் ஏதாவது மாறினால் எது மாறியது என்று பிரித்துச் சொல்ல முடியும். கோர்ட்டில் காட்டுவதற்குத் தனிப் பிரதியைத் தந்து, மூலக் கார்டு சீலோடு இருக்கட்டும் என்று மனுவில் கேட்க வேண்டும்.

குற்றப்பத்திரிகை போட்டதும் எதிரிக்கு ஆவண நகல்கள் தர வேண்டும், சுரக்ஷா சன்ஹிதாவின் 230ஆம் பிரிவுப்படி. மெமரி கார்டில் இருப்பதும் ஆவணம்தான் என்று அதே கேரள வழக்கில் 2019இல் உச்ச நீதிமன்றம் சொன்னது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் அந்தரங்கம் சம்பந்தப்பட்டதால் நகல் தராமல், எதிரியும் அவருடைய வழக்கறிஞரும் நிபுணரும் கோர்ட்டில் பார்வையிட மட்டும் அனுமதித்தது. நம் ஈரோட்டு வழக்கில் கார்டிலிருந்து மீட்ட படங்களுக்கும் அதையே கேட்கலாம். அரசு தரப்பு அந்த மனுவை நகல்கள் போவதற்கு முன்பே போட வேண்டும். செய்திகளின் அச்சுப்பிரதியும் ஹாஷ் பட்டியலும் எதிரிக்குப் போகட்டும், படங்கள் இருக்கும் பிரதி மட்டும் கோர்ட்டிலேயே இருக்கட்டும் என்று அதில் பிரித்து எழுதினால் போதும்.